கட்டத்தை எண்ணிய கைகள்

2019 ஆகஸ்டில் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வேளையில் திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்ததால் செய்தித்தாள்களில் இரண்டும் ஒரே தலைப்பில் வந்தன. கண்டாங்கிக்காக விண்ணப்பம் போட்டது காரைக்குடி அமரர் ராஜீவ் காந்தி கைத்தறி நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி மற்றும் விற்பனைச் சங்கம். ஒரு சேலையின் வரலாறு, நெசவு முறை, அது நெய்யப்படும் எல்லை ஆகிய மூன்றையும் எழுத்தில் கொண்டுவந்து, அரசுப் பதிவகம் கேட்கும் ஆதாரங்களைத் தேடிக் கொடுத்து, காத்திருந்து வாங்கிய அங்கீகாரம் அது. தறிக் கூலியை நம்பி நாளை ஓட்டும் உறுப்பினர்களைக் கொண்ட ஒரு சங்கம் இதைச் செய்து முடித்ததற்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அந்தப் பாராட்டில் ஒரு பங்கு இன்னும் கொடுபடாமல் இருக்கிறது. அது நெசவுக் குடும்பங்களின் மூத்த பெண்களுக்குச் சேர வேண்டியது. தறியில் உட்கார்ந்து நெய்தவர்கள் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கண்டாங்கியின் அடையாளம் அதன் கட்டம். அந்தக் கட்டம் பெரும்பாலும் தறிக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த முன்வேலை தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கையில் இருந்தது.

முதலில் இந்தச் சேலை யாருக்காகப் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொண்டுவிற்கப் போனார்கள். ஆண்கள் மூன்றாண்டுக் கணக்கில் கடல் கடந்து இருந்தபோது, ஊரில் வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். விசேஷத்துக்குப் பட்டு இருந்தது. நாள்தோறும் உழைக்க வேறு சேலை வேண்டியிருந்தது. கல்பாவிய முற்றத்தில் நெல் காயவைக்கவும், வற்றல் போடவும், பத்துப் பேருக்குச் சமைக்கவும், பின்கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நடக்கவும் ஏற்ற கனத்த பருத்திச் சேலை. வெயிலில் காய்ந்தும் சாயம் போகக் கூடாது, கல்லில் அடித்துத் துவைத்தும் கிழியக் கூடாது. அரக்குச் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு என்ற நிறங்களும், தூரத்திலிருந்தே தெரியும் பெரிய கட்டங்களும், அகன்ற கரையும் அந்தத் தேவையில் ஊன்றி வந்தவை.

வாங்கியவர்கள் சும்மா வாங்கவில்லை. கரை எத்தனை விரல் அகலம், கட்டம் எவ்வளவு பெரிது, சிவப்புக்குள் மஞ்சள் எத்தனை இழை என்று சொல்லி நெய்யச் சொன்னார்கள். சரியில்லையென்றால் திருப்பி அனுப்பினார்கள். கண்டாங்கியின் வடிவம் உருவானதில் கட்டியவளின் கண்ணுக்கும் நெசவுவீட்டுப் பெண்ணின் கணக்குக்கும் நடந்த இந்தப் பேச்சுவார்த்தைக்குப் பெரிய இடம் உண்டு. அதில் ஒரு சொல்கூட எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அந்தப் பொருளாதாரம் சரிந்தது. பர்மாவில் போட்ட முதல் திரும்பவில்லை. பிற்காலத்தில் பல பெரிய வீடுகள் பூட்டப்பட்டன; தேக்குத் தூண்களும் பித்தளைப் பாத்திரங்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. கண்டாங்கி கேட்டவர்கள் குறைந்தார்கள். பிறகு மில் சேலையும் விசைத்தறியும் நைலக்ஸும் வந்தன. துவைத்து உதறினால் காய்ந்துவிடும் சேலை இருக்கும்போது, கனத்த பருத்தியை யார் சுமப்பார்கள்? 1985ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே உரியவை என்று ஒதுக்கியது. சட்டம் தறியைக் காப்பாற்ற முயன்றது. கேட்பாரில்லாத வடிவத்தை அதனால் கேட்க வைக்க முடியவில்லை.

இந்த இடைக்காலத்தைக் கண்டாங்கி கடந்து வந்தது இரண்டு வழியாக. ஒன்று, ஆச்சிமார்களின் பெட்டகங்கள். கிழிந்தாலும் தூக்கிப் போடாமல் மடித்து வைத்த பழஞ்சேலைகள் அங்கே இருந்தன. விசாலாட்சி ராமசுவாமி தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை அப்படிப்பட்ட பழைய சேலைகளை மாதிரியாக வைத்து மறுபடி நெய்ய வைத்தது. செட்டிநாட்டுக் கொட்டான் முடைவதற்கு மீண்டும் உயிர் கொடுத்ததும் அதே அறக்கட்டளைதான். இரண்டாவது வழியைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. சேலை பெட்டகத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதைப் பார்த்து, இதற்குப் பாவு எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆட்கள் நெசவுத் தெருக்களில் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

ராட்டை என்றால் நூற்கும் ராட்டை அல்ல. சாயம் போட்டு வந்த சிட்டத்தை ஒரு பக்கம் மாட்டி, கையால் சக்கரத்தைச் சுற்றி, நூலைக் கண்டுகளாகவும் தார்களாகவும் மாற்றும் கருவி. கண்டு பாவுக்குப் போகும். அது சேலையின் நீளவாக்கு நூல். தார் நாடாவுக்குள் போகும். அது குறுக்கே ஓடும் ஊடை. இந்தச் சுற்றும் வேலையை வயதான பெண்களுக்குரிய இலேசான வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு கட்டம் போட்ட சேலைக்கு அது என்னென்ன கேட்கிறது என்பதை ஒரு கணக்கோடு பார்த்தால் தெரியும்.

சேலையின் அகலம் 48 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 64 பாவு இழை. அப்படியென்றால் அகலம் முழுக்க 3,072 இழைகள். அரை அங்குலக் கட்டம் வேண்டும். அதில் சிவப்பு 28 இழை, கோடாக ஓடும் மஞ்சள் 4 இழை. ஆக 32 இழைக்கு ஒரு கட்டம், கரையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் குறுக்கே 96 கட்டம். பாவு ஓட்டும்போது இந்த 28-4, 28-4 என்ற வரிசை ஒருமுறைகூடப் பிசகாமல் 96 தடவை வர வேண்டும். ஓரிடத்தில் 28க்குப் பதில் 27 விழுந்தால் அந்தக் கட்டம் மட்டும் ஒடுங்கி நிற்கும். சேலை நீளம் முழுக்க, அதோடு அந்தப் பாவில் நெய்யும் எல்லாச் சேலைகளிலும் அந்த ஒடுக்கம் தொடரும். பூவேலை செய்த சேலையில் ஒரு பிழை ஒரு பூவோடு போய்விடும். கட்டத்தில் விழுந்த பிழை பாவு தீரும்வரை போகாது.

இதைவிடக் கடினமானது பிணைப்பது. பழைய பாவு தீரும்போது அதன் நுனிகளை விழுதிலும் அச்சிலும் அப்படியே விட்டு வைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு, திருகி இணைக்க வேண்டும். 3,072 முறை. ஓர் இழை தவறி அடுத்த இழையோடு சேர்ந்துவிட்டால், அதன் பிறகு வரும் எல்லாமே ஓரிடம் நகர்ந்துவிடும். மஞ்சள் வர வேண்டிய இடத்தில் சிவப்பு வந்து நிற்கும். அதனால்தான் பழக்கப்பட்டவர்கள் தொடர்ந்து போய்க்கொண்டே இருப்பதில்லை. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் விரலை நிறுத்தி, மஞ்சள் நான்கும் மஞ்சளோடு சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறார்கள். தொண்ணூறு கட்டம் பிணைத்துவிட்டு முதலில் பிசகியதைக் கண்டுபிடித்தால், அன்றைய உழைப்பைப் பிரிக்க வேண்டியதுதான்.

ஊடைக்கு வந்தால் கணக்கு வேறு திசையில் விரிகிறது. ஐந்தரை மீட்டர் சேலையில் அங்குலத்துக்கு 60 ஊடை விழுந்தால், நாடா ஏறக்குறைய 13,000 தடவை குறுக்கே ஓடுகிறது. அதற்குச் செலவாகும் நூலைக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர். 28-4 என்ற விகிதப்படி அதில் 14 கிலோமீட்டர் சிவப்பு, 2 கிலோமீட்டர் மஞ்சள். ஒரு சேலைக்கு எத்தனை சிவப்புத் தார், எத்தனை மஞ்சள் தார் சுற்றி வைக்க வேண்டும் என்பதை இந்தப் பெண்கள் காகிதத்தில் போட்டுப் பார்ப்பதில்லை. தறிக்காரர் கையை நீட்டும்போது சரியான நிறத் தார் கூடையில் இருக்கிறது. தாரைத் தளர்வாகச் சுற்றியிருந்தால் நாடாவிலிருந்து நூல் கொத்தாக வழிந்து விழும். இறுக்கமும் தளர்வும் மாறி மாறி இருந்தால் ஊடை சேலை ஓரத்தை ஓரிடத்தில் உள்ளே இழுத்து, இன்னோரிடத்தில் தொங்க விடும். ஓரம் நேராக நிற்கும் ஒவ்வொரு கைத்தறிச் சேலையிலும் தார் சுற்றியவரின் கை ஒரே அழுத்தத்தில் ஓடியிருக்கிறது.

ஒரு நெசவு வீட்டின் திண்ணையில் இப்படி வேலை செய்யும் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. வாசலில் வந்து இறங்கிய சிவப்புச் சிட்டங்களை ராட்டையில் ஏற்றுவதற்கு முன்னால், ஒவ்வொன்றாக எடுத்து வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். எனக்கு எல்லாம் ஒரே சிவப்பாகத்தான் தெரிந்தது. இரண்டைத் தனியாக வைத்துவிட்டு மருமகளிடம், “இது முந்தின தடவை சாயம்டி. பாவுல கலக்காதே, ஊடைக்கு வச்சுக்க” என்றார். ஏன் என்று கேட்டேன். “பாவுல போட்டா நீட்டுக்கும் கோடு விழும் தம்பி. துவைச்ச பிறகு இன்னும் பளிச்சுன்னு தெரியும். ஊடையில போட்டாலும் முந்திக்கு மொத்தமா வச்சுக்கணும், நடுவுல வரக்கூடாது.” அந்தச் சேலை கடைக்கு வந்தபோது அதில் எந்தக் கோடும் இல்லை. இல்லாத ஒரு குறையைப் பார்த்து யாரும் பாராட்டுவதில்லை.

கட்டம் சதுரமாக வந்திருக்கிறதா என்று பார்க்கவும் அவரிடம் ஒரு வழி இருந்தது. நெய்த துணியின் மூலையைக் குறுக்காக, முக்கோணமாக மடித்தார். மடிப்பின் மேல் விழுந்த மஞ்சள் கோடு கீழுள்ள மஞ்சள் கோட்டின் மேல் சரியாக உட்கார்ந்தால் கட்டம் சதுரம். கோடு விலகிப் போனால் ஊடை அடி குறைந்திருக்கிறது அல்லது கூடியிருக்கிறது. மேலே சொன்ன கணக்கிலேயே இதைப் பார்க்கலாம். பாவு அங்குலத்துக்கு 64, ஊடை 60. இரண்டிலும் 32 இழை வைத்து நெய்தால், அகலத்தில் கட்டம் சரியாக அரை அங்குலம் இருக்கும். நீளத்தில் அரை அங்குலத்துக்குச் சற்று மேல் போகும். ஒரு கட்டத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. முக்கோணமாக மடிக்கும்போது பத்துக் கட்டம் தள்ளிக் கோடுகள் மூன்றில் ஓர் அங்குலம் விலகி நிற்கும். அதைச் சரிசெய்ய ஊடையில் இரண்டு சிவப்பு இழையைக் குறைத்து 26-4 என்று போட வேண்டும் என்பது அந்தப் பாட்டிக்குத் தெரியும். கண்டாங்கி என்று நாம் அங்கீகரித்திருப்பது இந்த அறிவைத்தான். அது எந்தப் படத்திலும் இல்லை, அச்சடித்த எந்த மாதிரிப் புத்தகத்திலும் இல்லை.

இப்போது குறியீட்டுக்கு வருவோம். புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. சட்டம் பாதுகாப்பது பெயரை. காரைக்குடிக்கு வெளியே விசைத்தறியில் ஓட்டிய துணியைக் கண்டாங்கி என்று சொல்லி விற்றால் வழக்குப் போடலாம். அதே கட்டத்தை அதே சிவப்பில் அச்சடித்து, ‘செட்டிநாடு டிசைன்’ என்று வேறு பெயரில் விற்பவரைத் தடுப்பது எளிதல்ல. வடிவமைப்புச் சட்டமும் உதவாது; அது புதிதாக உருவாக்கிய வடிவத்துக்குத்தான், அதுவும் அதிகபட்சம் 15 ஆண்டுகளுக்குத்தான் உரிமை தரும். நூறாண்டாகப் புழங்கும் கட்டத்துக்கு அதில் இடமில்லை. ஆகவே கண்டாங்கிக்கு இருக்கும் உண்மையான காப்பு அசலுக்கும் போலிக்கும் உள்ள வேறுபாடுதான். அசலை அசலாக வைத்திருப்பது ஓரமும், கட்டமும், கோடு விழாத சிவப்பும். அவற்றை உண்டாக்குகிறவர்களோ பதிவேட்டில் பெரும்பாலும் இல்லை.

ஏன் இல்லை என்பது பழைய கதை. தமிழ்நாட்டில் கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தொடங்கிய காலத்திலிருந்து கூட்டுறவு என்பது தறியை மையமாக வைத்தே வளர்ந்தது. தறிக்கு ஓர் உறுப்பினர், சேலைக்கு இவ்வளவு கூலி. சுற்றுவது, பாவு ஓட்டுவது, பிணைப்பது எல்லாம் அந்தக் கூலிக்குள்ளேயே அடக்கம். வீட்டுக்குள் மாமியாரும் மருமகளும் செய்யும்போது அதற்குத் தனி விலை போட வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. சேமநல நிதியும் முதியோர் ஓய்வூதியமும் உறுப்பினர் என்ற பெயரைப் பின்பற்றியே வரும். கணவர் பெயரில் உறுப்பினர் அட்டை இருக்கும் வீட்டில், நாற்பது ஆண்டு தார் சுற்றிய பெண்ணுக்கு நெசவாளர் என்ற சான்று இருக்காது. நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019–20) நாட்டில் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களைக் கணக்கிட்டது. அதில் நெசவாளர் அல்லாத துணைத் தொழிலாளர்கள் எட்டரை லட்சம் பேர். மொத்தத்தில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் பெண்கள். கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்தபோது எண்ணப்பட்டவர்கள், சங்கப் பேரேட்டில் எண்ணப்படுவதில்லை.

கோ-ஆப்டெக்ஸ் சில பட்டுச் சேலைகளோடு நெய்தவரின் படமும் பெயரும் உள்ள அட்டையை வைத்து விற்கத் தொடங்கியபோது பலர் வரவேற்றார்கள். சரியான காரியம்தான். அந்த அட்டையில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது: பாவு ஓட்டி, தார் சுற்றியவர் பெயர்.

சட்டத்திலேயே இதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. புவிசார் குறியீட்டுப் பதிவேட்டில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் குறியீட்டுக்கு விண்ணப்பித்த சங்கத்தின் பெயர் இருக்கும். இரண்டாம் பகுதியில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்கள், அதாவது அந்தப் பொருளை உண்டாக்கும் தனி மனிதர்கள், தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். கைவினைப் பொருளைப் பொறுத்தவரை அதைச் செய்பவரே உற்பத்தியாளர் என்கிறது சட்டம்; தறியில் உட்கார்ந்தவர் மட்டும்தான் என்று எங்கும் சொல்லவில்லை. கட்டம் உருவாவது பாவில் என்றால், பாவை உண்டாக்கியவரும் அந்தச் சேலையைச் செய்தவர்தானே? இந்த வாதத்தைப் பதிவகத்தின் முன் எடுத்து வைக்கத் தகுதியான இடம், குறியீட்டின் சொந்தக்காரராகப் பதிவாகியிருக்கும் சங்கம்தான். செலவும் பெரிதில்லை. பயனாளராகப் பதியும் கட்டணம் முன்பு 500 ரூபாயாக இருந்தது. 2020இல் அதை 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள்.

அதோடு செய்ய வேண்டிய இன்னொன்று நேரம் கடந்துகொண்டிருப்பதால் அவசரமானது. இந்தக் கணக்குகள் எழுதப்பட வேண்டும். எந்தக் கண்டாங்கிக்கு எந்த இழை வரிசை, கரைக்கும் உடலுக்கும் இடையில் எத்தனை இழை, எந்தச் சிவப்பு எந்தக் கடுகு மஞ்சளோடு நிற்கும், ஊடையில் எத்தனை குறைத்தால் கட்டம் சதுரமாகும் என்பதை அந்தப் பெண்களை உட்கார வைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல, ஒரு சிறு துணித் துண்டைப் பக்கத்தில் ஒட்டி, சொன்னவர் பெயரோடு பதிவு செய்ய வேண்டும். பெட்டகத்துச் சேலையிலிருந்து இழையை எண்ணி எடுக்கலாம். சாயம் வேறுபடுவதை எப்படிப் பார்ப்பது, பிணைக்கும்போது எங்கே நிறுத்திப் பார்ப்பது என்பதை எந்தச் சேலையிலிருந்தும் எண்ணி எடுக்க முடியாது.

புவிசார் குறியீடு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. விண்ணப்பித்த நாளிலிருந்தே அந்தக் காலம் கணக்கு. அடுத்த புதுப்பிப்பு வரும்போது, சங்கம் தன் விண்ணப்பத்தோடு இந்தக் கணக்கு ஏட்டின் ஒரு பிரதியையும், இரண்டாம் பகுதியில் சேர்க்க வேண்டிய பெண்களின் பட்டியலையும் இணைத்து அனுப்பலாம். பட்டியலை இந்த மாதமே தொடங்கினால் நல்லது. அதில் முதலில் எழுத வேண்டிய பெயர்கள் எழுபது வயதைத் தாண்டியவர்களுடையவை.